ஆண்டு வரிசையிலிருந்து வாத வரிசைக்கு: சோழ அரசை முன்வைத்து ‘ஆய்வு முன்னோடிகள்’ எழுதும் முறை

வரலாற்றுத் துறையில் ஆய்வேடு எழுதுகிற பெரும்பாலோர் ‘ஆய்வு முன்னோடிகள்’ என்ற பகுதியைக் கடைசி மாதத்தில் எழுதுகிறார்கள். படித்த நூல்களை வெளியான ஆண்டுப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, ‘மேற்கண்டவற்றில் இப்பொருள் விரிவாக ஆராயப்படவில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். என் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது. அதைப் படித்த மூத்த ஆய்வாளர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இவர்களில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள்?” என்னால் விடை சொல்ல முடியவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட நூல்களைப் படித்திருந்தேன். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை மட்டும் கேட்டிருக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒரு பகுதியை எப்படி எழுதுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பொதுவாகச் சொன்னால் பயனில்லை. ஆகவே ஒரே வழக்கை எடுத்துக்கொள்கிறேன்: இடைக்காலச் சோழ அரசின் தன்மை பற்றிய விவாதம். தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு அறிமுகமான பெயர்கள் இதில் இருக்கின்றன. கருத்து மோதலும் கூர்மையானது. சான்றுகளோ பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான கல்வெட்டுகள். ஒரே கல்வெட்டுகளைப் படித்தவர்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்திருப்பதால், வாதம் எங்கே பிரிகிறது என்பதை இங்கே துல்லியமாகக் காட்ட முடியும்.

முதற்படி: பொருளைக் கேள்வியாக்குவது

‘சோழர் நிர்வாகம்’ என்பது பொருள். அதன்கீழ் எதையும் சேர்க்கலாம், எதையும் விடலாம். பொருளை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு நூல்களை அடுக்க ஆண்டைத் தவிர வேறு கயிறு கிடைக்காது. கேள்வி இருந்தால்தான் விடைகள் இருக்கும். விடைகள் இருந்தால்தான் குழுக்கள் உருவாகும்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஓர் ஊரில் விளைந்த நெல்லின் உபரியை யார் கட்டுப்படுத்தினார்கள்? தஞ்சையிலோ கங்கைகொண்ட சோழபுரத்திலோ இருந்த மன்னனின் ஆட்கள் ஊர்வரை வந்து எடுத்தார்களா? நாட்டார் என்று கல்வெட்டுகள் சொல்லும் வட்டாரத் தலைவர்களிடமே அது தங்கியதா? கோயில், பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட பிரமதேய ஊர், குறுநிலத் தலைவர் போன்ற இடைநிலையினர் கையில் சேர்ந்ததா?

கேள்வி சரியாக அமைந்துவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. நீங்கள் மதிக்கும் இரண்டு ஆய்வாளர்கள் அதற்கு வெவ்வேறு விடை சொல்ல வேண்டும். ‘சோழர் காலத்தில் வரிகள் இருந்தனவா’ என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அது இந்தப் பகுதிக்குப் பயன்படாது. ‘சோழ அரசு சிறந்ததா’ என்று கேட்டாலும் பயனில்லை, ஏனென்றால் அதற்குக் கல்வெட்டில் விடை கிடையாது.

இரண்டாம் படி: வாதத்துக்காகப் படிப்பது, அட்டையில் எழுதுவது

நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டாம். முதலில் முன்னுரை, பிறகு இறுதி இயல், அதன்பின் அந்த நூலுக்கு மற்றவர்கள் எழுதிய விரிவான மதிப்புரைகள். பர்ட்டன் ஸ்டெயினின் 1980ஆம் ஆண்டு நூலுக்கு ஆர். செம்பகலட்சுமி அடுத்த ஆண்டே நீண்ட மதிப்புரைக் கட்டுரை எழுதினார். அதைப் படித்துவிட்டு ஸ்டெயினுக்குத் திரும்பினால், அவர் வாதத்தின் எந்த மூட்டு வலுவற்றது என்று பார்க்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். ஹெர்மன் குல்கே 1995இல் பதிப்பித்த தொகுப்பு நூல், இடைக்கால இந்திய அரசு பற்றிய பல கோட்பாடுகளை ஒரே இடத்தில் வைக்கிறது. இவை வழிகாட்டும். ஆனால் அவற்றில் உள்ள பகுப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அவர்களுடைய கேள்விக்கு அமைந்த பகுப்பு.

ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை. அதில் நான்கே வரிகள்:

```
கூற்று   : என் கேள்விக்கு இவர் சொல்லும் விடை, ஒரே வாக்கியத்தில்
எதிராளி : யாருடைய விடையை இவர் மறுக்கிறார்?
சான்று   : எந்த வகைச் சான்று இதைத் தாங்குகிறது?
மூட்டு   : எது பொய்யானால் இந்த வாதம் விழும்?
```

முதல் மூன்று வரிகளை யாரும் எழுதிவிடலாம். நான்காவதுதான் உண்மையான வேலை. சுருக்கக் குறிப்பு எழுதிப் பழகியவர்களுக்கு அது வராது, ஏனென்றால் சுருக்கத்தில் முடிவு மட்டும் மிஞ்சும். முடிவைத் தாங்கும் தூண் மறைந்துவிடும்.

ஸ்டெயினின் அட்டையை நிரப்பிப் பார்ப்போம். கூற்று: சோழ நாட்டின் மையப் பகுதிக்கு வெளியே மன்னனுக்கு இருந்தது சடங்கு சார்ந்த தலைமை, வளத்தையும் ஆட்களையும் கட்டுப்படுத்தியவர்கள் நாட்டார். எதிராளி: சோழ அரசை வலுவான மைய அரசாகக் கண்ட நீலகண்ட சாஸ்திரி. சான்று: நாடு என்னும் வட்டார அலகின் நீடித்த தன்மை, பிராமணரும் வேளாளரும் கொண்ட கூட்டு, வலங்கை இடங்கைப் பிரிவுகள், இவற்றோடு உகாண்டாவின் அலூர் மக்களைப் பற்றி ஐடன் சவுத்தால் எழுதிய ஆய்விலிருந்து எடுத்துக்கொண்ட ‘செக்மென்டரி அரசு’, அதாவது தன்னிறைவுள்ள கூறுகளால் ஆன அரசு என்ற கருத்து. மூட்டு: கல்வெட்டுகளில் அதிகாரிகளாகத் தோன்றுபவர்கள் உண்மையில் மன்னனால் அனுப்பப்பட்ட அதிகாரிகள் அல்லர் என்பது. அவர்கள் அதிகாரிகள்தான் என்று நிறுவப்பட்டால் வாதம் ஆட்டம் காணும்.

நான்காவது வரி எழுத முடியவில்லை என்றால் நூலை இன்னும் படிக்கவில்லை என்று பொருள். அந்த அட்டையை ஓரமாக வைத்துவிட்டு நூலுக்குத் திரும்புங்கள்.

மூன்றாம் படி: பெயரையும் ஆண்டையும் மறைத்து அடுக்குவது

பதினைந்து, இருபது அட்டைகள் சேர்ந்ததும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் இருக்கும் மேல்பகுதியை மடித்துவிடுங்கள். மேசையில் பரப்பிக் கூற்று வரியை மட்டும் படித்து, ஒத்தவற்றை ஒன்றாக வையுங்கள். கணினியில் செய்வதானால் பெயர்ப் பத்தியை மறைத்துவிட்டு அடுக்கலாம். மேசைதான் எனக்கு உதவியது, ஏனென்றால் ஓர் அட்டை இரண்டு குவியலுக்கு நடுவில் நிற்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

என் கேள்விக்கு நான்கு குவியல்கள் வந்தன. மன்னனின் ஆட்சி ஊர்வரை எட்டியது என்பது ஒன்று. நீலகண்ட சாஸ்திரி, எ. சுப்பராயலு, நொபொரு கராஷிமா ஆகியோரின் அட்டைகள் இதில் விழுந்தன. வளம் நாட்டிலேயே தங்கியது, மன்னன் அதை வேறு வழியில்தான் ஈடுகட்டினான் என்பது இரண்டாவது. இதில் ஸ்டெயினும், சோழரின் ஈழப் படையெடுப்பைக் கொள்ளை அரசியலாக விளக்கிய ஜார்ஜ் ஸ்பென்சரும். இடைநிலையினர் கையில் நிலமானிய முறையில் சேர்ந்தது என்பது மூன்றாவது. டி.என். ஜாவும் கேசவன் வெளுத்தாட்டும் இங்கே. நான்காவது குவியல் சற்று வேறுபட்டது. கேள்விக்கு ஒரே விடை கிடையாது, இடத்துக்கு இடம், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு விடை மாறும் என்பது அதன் கூற்று. ஜேம்ஸ் ஹைட்ஸ்மனும் செம்பகலட்சுமியும் அதில் நின்றார்கள்.

இப்போது மடிப்பைப் பிரித்து ஆண்டுகளைப் பாருங்கள். முதல் குவியலில் 1935, 1982, 1984. இரண்டாவதில் 1976, 1980. ஆண்டு வரிசையில் எழுதியிருந்தால், சாஸ்திரியின் மைய அரசு காலாவதியாகி, ஸ்டெயின் அதைத் தகர்த்து, பின்னால் வந்தவர்கள் ஸ்டெயினைத் திருத்தினார்கள் என்ற ஏறுமுகக் கதை தானாக உருவாகியிருக்கும். குவியல் அதை மறுக்கிறது. ஸ்டெயினுக்குப் பின் எழுதிய இருவர், அதிகாரிகளும் வரித்துறையும் இருந்தன என்ற இடத்தில் சாஸ்திரியின் பக்கம் நிற்கிறார்கள். இது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. வரிசைப்படுத்திய ஒவ்வொரு முறையும் அதை நான் தாண்டிப் போயிருந்தேன்.

குவியல்களுக்குப் பெயர் வைக்கும்போது ‘தேசியவாதிகள்’, ‘மார்க்சியர்’, ‘அமெரிக்க மானிடவியலர்’ என்று வைக்காதீர்கள். அவை ஆசிரியரின் பின்புலத்தைச் சொல்லும், வாதத்தைச் சொல்லாது. கராஷிமாவின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களில் எதன்கீழ் வைப்பது என்று பாருங்கள், சிக்கல் புரியும். குவியலின் பெயர் ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும். வினைச்சொல் இல்லாத பெயரில் வாதம் இருக்காது.

நான்காம் படி: ஒரே முடிவு, வேறு காரணம்

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஆகவே சற்று நின்று பார்ப்போம். முடிவு ஒன்றாக இருப்பதால் வாதம் ஒன்றாகிவிடாது. வாதம் என்பது முடிவும் அதைத் தாங்கும் காரணமும் சேர்ந்தது.

சாஸ்திரியையும் சுப்பராயலுவையும் ஒரே குவியலில் வைத்தோம். சாஸ்திரி ராஜராஜன், ராஜேந்திரன் காலத்து அரசைப் பைசாந்தியப் பேரரசின் பகட்டோடு ஒப்பிட்டார். அதே மூச்சில் ஊர்ச்சபைகளின் தன்னாட்சியையும் வியந்தார். அதற்கு அவருக்குப் பெருந்துணையாக இருந்தவை, முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள். உத்திரமேரூர் பிராமணர்களின் பிரமதேய ஊர், அங்கிருந்தது சபை. வேளாளர் வாழ்ந்த சாதாரண ஊரின் நடைமுறைக்கு அதைப் பொதுவாக்க முடியுமா என்ற கேள்வி பிறகு வலுவாக எழுந்தது. கராஷிமா திருச்சிப் பகுதியின் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிரமதேய ஊரில் நிலம் தனித்தனியாரிடம் இருந்ததையும், மற்ற ஊரில் பொதுவில் இருந்ததையும் காட்டினார். இரண்டும் ஒரே வகை ஊர்கள் அல்ல என்றாயிற்று.

சுப்பராயலு மைய அரசை ஏற்றது இந்த வழியில் அல்ல. சோழ மண்டலத்தின் நாடுகளை ஊர் ஊராகத் தேடி வரைபடத்தில் குறித்தார். அதிகாரிகளைக் குறிக்கும் சொற்களைக் காலவாரியாகத் திரட்டினார். புரவுவரித் திணைக்களம் என்ற வரித்துறை எந்த ஆட்சிகளில் தோன்றுகிறது என்று பார்த்தார். சிறந்த சில கல்வெட்டுகளைப் படித்து வந்த முடிவும், சொற்களை எண்ணி வந்த முடிவும் வெவ்வேறு வகையில் உடையக்கூடியவை. உத்திரமேரூர் விதிவிலக்கு என்று காட்டினால் சாஸ்திரிக்குச் சேதம், சுப்பராயலுவுக்கு இல்லை. கல்வெட்டு எழுதப்படாத பகுதிகளில் என்ன நடந்தது என்று கேட்டால் சுப்பராயலுவுக்கு நெருக்கடி.

அப்படியானால் அவர்களைப் பிரித்துவிட வேண்டுமா? உங்கள் ஆய்வு எதைத் தொடப்போகிறது என்பதைப் பொறுத்தது. முடிவைச் சோதிக்கப்போகிறீர்கள் என்றால் ஒன்றாக வைத்து, உள்ளே வேறுபாட்டை ஒரு பத்தியில் காட்டுங்கள். சான்றைக் கையாளும் முறையைச் சோதிக்கப்போகிறீர்கள் என்றால் பிரித்துவிடுங்கள். நான் ஒன்றாக வைத்தேன்.

இந்த வேறுபாட்டை வெளிக்கொண்டுவர ஓர் உத்தி உண்டு. எல்லோரும் பேசியே ஆகவேண்டிய ஒரு சான்றைத் தேர்ந்து, ஒவ்வொருவரும் அதை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சோழ அரசுக்கு அப்படிப்பட்ட உரைகல் ‘மூவேந்தவேளான்’ என்ற பட்டம். ராஜராஜ மூவேந்தவேளான் என்பதுபோல மன்னனின் பெயரோடு சேர்ந்து நிலவுடைய வேளாளர் பலருக்கு வந்த பட்டம் அது. மைய அரசு வாதத்துக்கு இவர் மன்னனின் அதிகாரி. பட்டம் பதவியைக் காட்டுகிறது. ஸ்டெயின் வாதத்துக்கு இவர் ஏற்கெனவே வட்டாரத்தில் பெரியவர். மன்னன் தந்தது மதிப்பு மட்டுமே. நிலமானிய வாதத்துக்கு இவர் நிலத்தின்மேல் உரிமையும் மேலே ஒருவருக்குக் கடப்பாடும் கொண்ட இடைநிலையாளர். ஹைட்ஸ்மன் வேறொரு கேள்வி போடுகிறார்: இத்தகைய பட்டக்காரர்கள் எந்தப் பகுதியில், எந்தக் காலத்தில் மிகுந்து தெரிகிறார்கள்? ஒரே பெயர், நான்கு வேலைகள். உங்கள் துறையில் இப்படி ஒரு சான்றைக் கண்டுபிடித்துவிட்டால் ‘ஆய்வு முன்னோடிகள்’ பகுதிக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: குவியலில் அடங்காதவர்கள்

அடங்காத அட்டை வந்தால் அதைத் திணிக்க வேண்டாம். மூன்று வகையில் அது நேரும்.

ஆசிரியர் மனம் மாறியிருக்கலாம். ஸ்டெயினே பிற்காலத்தில், சடங்கு அதிகாரம் வேறு அரசியல் அதிகாரம் வேறு என்று தாம் வகுத்த பிரிவை மீண்டும் எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொண்டார். அப்போது ஒருவருக்கு இரண்டு அட்டைகள். குழுவாக்குவது நபரை அல்ல, கூற்றை. பிற்காலத் திருத்தத்தைச் சொல்லாமல் 1980இன் ஸ்டெயினை மட்டும் அடிப்பது நேர்மையாகாது. ஆய்வேடுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு வகை, வேறு கேள்விக்கு விடை சொன்னவர். கென்னத் ஹால் 1980இல் நகரம் என்ற வணிகர் அமைப்பைப் பற்றி எழுதியதில், நாட்டுக்கு ஒரு நகரம் என்ற முறையில் சந்தை அமைந்ததாகக் கண்டார். நாட்டின் தன்னிறைவை ஏற்பதால் அவர் ஸ்டெயின் பக்கம் போலத் தெரிகிறார். ஆனால் மன்னர்கள் அந்த வட்டார வலைக்குள் நுழைய முயன்றதையும் அவர் பேசுகிறார். அவரை எந்தக் குவியலிலும் போடாமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியத்தில் அவர் எதை எந்தப் பக்கத்துக்குக் கொடுக்கிறார் என்று எழுதினேன்.

மூன்றாவது வகை, தனி ஆள். ஒரே அட்டை கொண்ட குவியல் தப்பில்லை. ஆனால் அதற்குத் தனி உட்தலைப்பு தேவையா என்று யோசியுங்கள். பெரும்பாலும் அது வேறொரு குவியலின் எல்லையில் எழுப்பப்பட்ட மறுப்பாக இருக்கும், அங்கேயே வைக்கலாம். குவியல்கள் ஆறு, ஏழு என்று பெருகினால் கேள்வி அகன்றுவிட்டது என்று கொள்ளுங்கள். இரண்டே இரண்டு வந்தால், ‘ஆதரவு, எதிர்ப்பு’ என்று பட்டிமன்றம் போல் ஆகிவிட்டதா என்று சந்தேகப்படுங்கள்.

ஆறாம் படி: ஆண்டுக்கு உரிய இடம்

ஆண்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது தலைப்பாக வரக்கூடாது, காரணமாக வரலாம். சுப்பராயலு சோழ நாட்டின் நாடுகளை வரைபடமாக்கிய நூல் 1973இல் வந்தது. அந்த நாடுகளையே ஸ்டெயின் தம் கூறுகளாகக் கொண்டார். ஆக, ஸ்டெயினின் வாதம் 1973க்கு முன்பு அந்த வடிவில் எழுந்திருக்க முடியாது. அந்த வரைபடத்தை வரைந்தவரே பிறகு மறுபக்கம் நின்றார் என்பது இந்த விவாதத்தின் மிகச் சுவையான முடிச்சு. 1978இல் கராஷிமா, சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதன்பிறகு பட்டங்களை எண்ணிப் பார்ப்பது எளிதானது. எண்ணி வாதிடுவதும் வலுத்தது. இப்படி ‘இது வந்ததால் அது முடிந்தது’ என்று சொல்லக்கூடிய இடத்தில் ஆண்டைக் குறிப்பிடுங்கள். ஒரு பத்திக்குள் ஆண்டை அழித்துப் பார்த்தும் பொருள் மாறவில்லை என்றால் அந்த ஆண்டுக்கு அங்கே வேலை இல்லை. அடைப்புக்குறிக்குள் இருந்தால் போதும்.

ஏழாம் படி: பத்தி எழுதுவது

இதே செய்தியை முதலில் நான் எழுதிய முறை இது:

“1935இல் நீலகண்ட சாஸ்திரி சோழர்கள் என்ற நூலை எழுதினார். இதில் அவர் சோழர் நிர்வாகத்தை விரிவாக ஆராய்கிறார். 1980இல் பர்ட்டன் ஸ்டெயின் சோழ அரசு செக்மென்டரி அரசு என்றார். 1982இல் சுப்பராயலு சோழ அரசு பற்றிக் கட்டுரை எழுதினார். 1997இல் ஹைட்ஸ்மன் கல்வெட்டுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார்.”

பொய் எதுவும் இதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் எழுவாயும் ஓர் ஆசிரியர். ‘எழுதினார், ஆராய்ந்தார்’ என்ற வினைகள் எந்த நூலுக்கும் பொருந்தும். வாக்கியங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் பத்தி கெடாது. அதுதான் நோயின் அறிகுறி. வாதம் உள்ள பத்தியில் வாக்கியத்தை இடம் மாற்றினால் அறுந்துபோகும்.

மாற்றி எழுதியது:

“மன்னனின் ஆட்சி ஊர்வரை எட்டியது என்ற கூற்று, அதிகாரிகளாகக் கல்வெட்டில் தோன்றுபவர்கள் மெய்யாகவே மன்னனின் ஆட்கள் என்பதைச் சார்ந்து நிற்கிறது. சாஸ்திரி (1935) இதை ஐயமின்றி எடுத்துக்கொண்டார். ஸ்டெயின் (1980) தாக்கியது இந்த இடத்தையே. பட்டம் பெற்றவர்கள் வட்டாரத் தலைவர்கள்தாம் என்றால், மைய அரசுக்குச் சான்றாகக் காட்டப்பட்டவை நாட்டாரின் வலிமைக்குச் சான்றாகிவிடுகின்றன. சுப்பராயலு (1982) இதற்கு விடையாக, வரித்துறைச் சொற்கள் குறிப்பிட்ட ஆட்சிகளில் திரண்டு தோன்றுவதைக் காட்டினார். அது வட்டாரத் தலைவர்களின் மதிப்பால் மட்டும் விளக்க முடியாதது. ஆயினும் இந்த விடை, கல்வெட்டுகள் செறிந்த காவிரிப் பகுதிக்கே முழுதாகப் பொருந்தும். மையத்துக்கும் விளிம்புக்கும் ஒரே விடை தேடுவதே பிழை என்ற ஹைட்ஸ்மனின் (1997) நிலைப்பாடு இங்கிருந்து புறப்படுகிறது.”

முதல் வாக்கியத்தில் யார் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கூற்று முன்னே, பெயர்கள் பின்னே. ‘தாக்கியது’, ‘விடையாக’, ‘ஆயினும்’, ‘இங்கிருந்து புறப்படுகிறது’ ஆகியவை ஓர் ஆசிரியரை இன்னொருவரோடு கட்டும் சொற்கள். ‘மேலும்’, ‘அதேபோல்’, ‘இவரைத் தொடர்ந்து’ ஆகிய மூன்றும் ஒரு பக்கத்தில் அடிக்கடி வந்தால் ஆண்டு வரிசை பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது என்று பொருள்.

மாற்றுக் கருத்தை எழுதும்போது அதை ஏற்பவர் படித்தாலும் ‘ஆம், நான் சொன்னது இதுதான்’ என்று சொல்லும்படி எழுதுங்கள். ‘ஸ்டெயின் சோழ மன்னர்களை வெறும் பொம்மைகள் என்றார்’ என்று எழுதிவிட்டு மறுப்பது எளிது. அவர் அப்படிச் சொல்லவில்லை. மையப் பகுதியில் மன்னனின் நேரடிப் பிடியை அவர் ஏற்கிறார். அதை எழுதாமல் விட்டால், நூலை நேரில் படித்த தேர்வாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எட்டாம் படி: உங்கள் நாற்காலி

‘இப்பொருள் ஆராயப்படவில்லை’ என்ற வாக்கியத்தை நீக்குங்கள். ஆராயப்படாத ஊர்கள் ஆயிரம் இருக்கும், ஆராயப்படாமை காரணமாகாது. குவியல்களுக்கு இடையே எந்த மூட்டு இன்னும் சோதிக்கப்படாமல் இருக்கிறது என்பதே உங்கள் இடம்.

உதாரணமாக, ஒருவர் காவிரிப் படுகைக்கு வெளியே, தொண்டை மண்டலத்தில் ஒரு கோட்டத்தின் கல்வெட்டுகளை ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டார அலகாகக் கோட்டம் என்ற பெயர் அங்கே உண்டு. சோழ மண்டலத்தின் நாட்டிலிருந்து அதன் அமைப்பு வேறுபட்டது. மூவேந்தவேளான் பட்டக்காரர்கள் அங்கே யாராகத் தோன்றுகிறார்கள் என்று அவர் பட்டியலிடலாம். பட்டக்காரரின் சொந்த ஊர் அதே கோட்டத்தில் இருந்தால் அது ஸ்டெயின் பக்கம் சாயும். சோழ மண்டலத்து ஊர்க்காரர் அங்கே வந்து கோயில் கணக்கைப் பார்க்கிறார் என்றால் மறுபக்கம் சாயும். சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் பட்டக்காரரின் ஊரும் நாடும் பெயரோடு சேர்த்தே பொறிக்கப்பட்டிருப்பதால் இதைச் செய்ய முடியும். எந்த விடை வந்தாலும் ஏதோ ஒரு குவியல் அசையும்.

இந்த ஒரு பத்தியை, அதாவது ‘என் சான்று இப்படி இருந்தால் இன்னாருடைய கூற்று வலுக்கும், அப்படி இருந்தால் இன்னாருடையது தளரும்’ என்ற பத்தியை, பகுதியின் கடைசியில் வையுங்கள். எழுதுவதை மட்டும் முதலில் செய்யுங்கள். அது எழுத வரவில்லை என்றால் மேலே உள்ள குவியல்களில் ஏதோ ஒன்று இன்னும் முடிவாக இருக்கிறது, வாதமாகவில்லை. அட்டைகளின் நான்காவது வரியை மறுபடி எடுத்துப் பாருங்கள்.